விலையா, வேகமா? இரண்டு விளம்பரத் தலைப்புகளில் எது ஜெயித்தது

ஆர்.ஓ. வாட்டர் பியூரிஃபயர் சர்வீஸ் செய்யும் ஒரு சிறு கடை கூகுளில் விளம்பரம் போடுகிறது என்று வைத்துக்கொள்வோம். கையில் இரண்டு தலைப்புகள். முதலாவது, "ஆர்.ஓ. சர்வீஸ் ரூ.299 முதல்". இரண்டாவது, "இன்றே வீட்டுக்கு வரும் ஆர்.ஓ. மெக்கானிக்". எது நல்லது?

இரண்டும் ஒரே நாட்களில், ஒரே மாதிரி ஆட்களுக்குப் போக வேண்டும். இந்த வாரம் ஒன்று, அடுத்த வாரம் இன்னொன்று என்று ஓட்டினால், சம்பள வாரத்தின் பலனையும் தலைப்பின் கணக்கில் எழுதிவிடுவோம். ஒரே ஆட் குரூப்பில் இரண்டையும் போட்டுவிட்டால், கூகுள் தனக்குப் பிடித்ததை அதிகம் காட்டத் தொடங்கும். அதனால் கூகுள் ஆட்ஸின் Experiments பகுதியில் 50% வீதம் பிரித்து, அந்தந்தத் தலைப்பு எப்போதும் முதல் இடத்திலேயே வரும்படி pin செய்துவிடுங்கள். மற்ற வரிகள், ஏலத் தொகை, கிளிக் செய்தால் திறக்கும் பக்கம் எதையும் மாற்றக் கூடாது.

இனி அளவுகோல். நான்கு வாரத்தில் இரண்டும் தலா 20,000 முறை காட்டப்பட்டன என்று வையுங்கள். விலைத் தலைப்புக்கு 1,000 கிளிக், 52 புக்கிங். வேகத் தலைப்புக்கு 800 கிளிக், 80 புக்கிங். கிளிக்கை மட்டும் பார்த்தால் விலைதான் ஜெயித்தது. ஆனால் ரூ.299 என்றதும் சும்மா விலை விசாரிக்க வருபவர்களும் அமுக்குவார்கள். கிளிக்குக்கு ரூ.10 என்றால், விலைத் தலைப்பில் ஒரு புக்கிங்குக்கு ரூ.192 போகிறது, வேகத் தலைப்பில் ரூ.100தான். கிளிக்கில் எத்தனை சதவீதம் புக்கிங் ஆனது என்ற கணக்கையும் முடிவுக்கு நம்பாதீர்கள். யார் கிளிக் செய்வார்கள் என்பதையே தலைப்பு மாற்றிவிடுகிறது. சரிசமமாகப் பிரிந்தது காட்டல்கள்தான், ஆகவே காட்டலுக்கு எத்தனை புக்கிங் என்று பாருங்கள்.

சரி, 52-க்கும் 80-க்கும் உள்ள வித்தியாசம் அதிர்ஷ்டமாக இருக்கலாமா? காட்டல்கள் ஏறத்தாழ சமமாக இருந்தால் எளிய கணக்கு உண்டு. மொத்தப் புக்கிங் 132, அதன் வர்க்கமூலம் சுமார் 11.5, இரட்டித்தால் 23. இதுதான் தாண்ட வேண்டிய கோடு. வித்தியாசம் 28, அதைத் தாண்டுகிறது, ஆகவே வெறும் அதிர்ஷ்டமாக இருக்க வாய்ப்பு குறைவு. இரண்டாவது வார முடிவில் 25-க்கு 36 என்று இருந்திருந்தால், வேண்டியது சுமார் 16, கிடைத்தது 11. அன்றைக்கு யாரும் ஜெயிக்கவில்லை.

தினமும் எட்டிப் பார்த்து, வித்தியாசம் அந்தக் கோட்டைத் தாண்டிய முதல் நாளிலேயே சோதனையை நிறுத்துவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. தற்செயலான ஏற்ற இறக்கம் ஏதாவது ஒரு நாள் கோட்டைத் தாண்டத்தான் செய்யும். சோதனை முடியும் தேதியை முன்கூட்டியே எழுதி வையுங்கள். வார நாளும் ஞாயிறும் சம அளவில் வர, முழு வாரங்களாகவே இருக்கட்டும்.

எத்தனை வாரம் என்பது எவ்வளவு வித்தியாசத்தை எதிர்பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தது. வெறும் 10% முன்னிலையை இந்தக் கணக்கில் நிரூபிக்கவே மொத்தம் 1,700-க்கு மேல் புக்கிங் வேண்டும். மாதம் 130 வரும் கடைக்கு அது ஒரு வருடத்துக்கும் மேலான வேலை. "இன்றே", "உடனே" என்று ஒரு சொல்லை மாற்றிப் பார்ப்பதெல்லாம் அந்தக் கடைக்குக் கட்டுப்படியாகாது. விலையும் வேகமும் போல வேறுபட்ட இரண்டு வாக்குறுதிகளை மோதவிட்டால்தான் நான்கு வாரத்தில் விடை தெரிய வாய்ப்பு உண்டு.