உரிமையாளர் இறந்ததும் வாடகைதாரருக்கு எழுதுவது: ஒருவர் கடிதமா, எல்லோரும் சேர்ந்தா?

மாதிரிக்கு ஒரு குடும்பத்தை வைத்துக்கொள்வோம். வீட்டு உரிமையாளர் 12ஆம் தேதி இறந்துவிட்டார். வாரிசுகள் மூவர்: மனைவி, மகன், மகள். வாடகை அடுத்த மாதம் 5ஆம் தேதி வர வேண்டும். வாடகைதாரர் வங்கியில் கொடுத்துவைத்த நிரந்தர உத்தரவுப்படி பணம் மாதாமாதம் பெரியவரின் கணக்குக்குத் தானாகவே போகிறது. இந்த மூன்று வாரத்துக்குள் அவருக்கு என்ன எழுதுவது?

முதல் வழி, மகனே எழுதிவிடுவது. "அப்பா காலமானார், இனி வாடகையை என் கணக்கில் செலுத்துங்கள்" என்று நான்கு வரி போதும். இதன் பலம் வேகம். இறப்புச் செய்தி எட்டியதும் வங்கி வழக்கமாகக் கணக்கை முடக்கிவிடும். அதன் பிறகு வரும் வாடகை திரும்பிப் போகலாம், அல்லது உள்ளே போய்ச் சிக்கிக்கொள்ளலாம். அந்தச் சிக்கலை இந்தக் கடிதம் தவிர்க்கிறது.

ஆனால் இதை வாடகைதாரரின் இடத்திலிருந்து படித்துப் பாருங்கள். கணக்கு எண் மாறிவிட்டது என்று திடீரென வரும் கடிதம் மோசடிக்காரர்களின் பழைய உத்தி. விவரமறிந்தவர் பணத்தை நிறுத்திவைப்பார். நம்பி அனுப்புகிறவருக்கும் ஆபத்து தீரவில்லை. ஆறு மாதம் கழித்து மகள் வந்து "என் பங்கு எங்கே?" என்று கேட்டால், அவர் காட்டுவதற்கு இருப்பது ஒருவர் கையெழுத்து மட்டுமே. அண்ணன் தங்கை கணக்குத் தகராறில் வாடகைதாரர் சாட்சியாக இழுக்கப்படுவது இப்படித்தான்.

இரண்டாம் வழி, ஆவணங்களெல்லாம் கைக்கு வந்த பின் மூவரும் கையெழுத்திட்டு எழுதுவது. இறப்புச் சான்றிதழ், வாரிசு ஆவணம் ஆகியவற்றின் நகல்களை இணைத்துவிடுவார்கள். உயில் எழுதி அதில் நிறைவேற்றுநரை நியமித்திருந்தால் அவரே எழுத வேண்டும். வாடகைதாரருக்கு இதைவிடப் பாதுகாப்பானது இல்லை. குறை தாமதம்தான்: வாரிசு ஆவணம் வர மாதக்கணக்கில் ஆகலாம். அதுவரை 5ஆம் தேதிகள் வந்து போய்க்கொண்டே இருக்கும். வாடகைதாரர் பாக்கி வைத்தவராகிவிடுவாரா என்ற கேள்விக்கு யாரும் பதில் சொல்லியிருக்க மாட்டார்கள்.

எனக்கு இரண்டுமே போதவில்லை. செய்தியையும் கணக்கு எண்ணையும் ஒரே கடிதத்தில் திணிப்பதால்தான் இந்த இழுபறி. பிரித்துவிட்டால் முதல் கடிதம் உடனே போகலாம். அதில் இவ்வளவு எழுதினால் போதும்:

"உங்கள் வீட்டு உரிமையாளர் 12ஆம் தேதி காலமானார். அவருடைய கணக்குக்கு இனிப் பணம் அனுப்ப வேண்டாம். வங்கியில் கொடுத்த உத்தரவை நிறுத்திவிடுங்கள். வாடகையைத் தனியே எடுத்துவையுங்கள். நாங்கள் மூவரும் கையெழுத்திட்டுப் புதிய கணக்கைத் தெரிவிக்கும்வரை ஏற்படும் தாமதம் பாக்கியாகக் கருதப்படாது, அபராதமும் கிடையாது. ஒப்பந்தம் அப்படியே தொடர்கிறது."

இதில் கணக்கு எண் இல்லாததால் சந்தேகத்துக்கும் இடமில்லை. மூவரும் கையெழுத்திடுவது நல்லது. அதற்கு எந்தச் சான்றிதழுக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. எண் வரும் இரண்டாம் கடிதத்தை மட்டும் ஆவணங்களோடு அனுப்பலாம். வாடகைதாரர் அதைப் படித்ததும், கடிதத்தில் அச்சிட்ட தொலைபேசி எண்ணை விட்டுவிட்டு, தான் முன்பே வைத்திருக்கும் தொலைபேசி எண்ணில் அழைத்து உறுதிசெய்துகொள்ளட்டும்.

அந்தக் கணக்கு யாருடையதாக இருக்க வேண்டும்? மூன்று பங்காகப் பிரித்து மூன்று கணக்கில் போடச் சொல்வது நியாயமாகத் தோன்றும், நடைமுறையில் தொல்லை. ஒன்று தவறினால் அந்த மாத வாடகை வந்ததா இல்லையா? ரசீது யார் கொடுப்பது? மூவர் பெயரிலும் கூட்டுக் கணக்கு, அது தாமதமானால் தாயின் கணக்கு. அதில் செலுத்தினால் மூவருக்கும் செலுத்தியதாகும் என்று கடிதத்திலேயே ஒரு வரி. பங்கு பிரிப்பது குடும்பத்துக்குள் நடக்கட்டும்.

நிபந்தனைகளைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பெரும்பாலான இடங்களில் உரிமையாளர் இறந்ததால் மட்டும் வாடகை ஒப்பந்தம் முடிந்துவிடுவதில்லை. வாரிசுகள் அவருடைய இடத்துக்கு வருகிறார்கள், உரிமையோடு கடமையும் சேர்ந்து வருகிறது. ஆகவே "நிபந்தனைகள் தொடரும்" என்று பொதுவாக முடிக்காமல், ஒப்பந்தம் முடியும் தேதி, இப்போதைய வாடகை, எந்த மாதம்வரை செலுத்தப்பட்டது என்று எழுத வேண்டும். துக்கச் செய்தியோடு வாடகை உயர்வையும் செருகும் கடிதங்கள் உண்டு; ஒப்பந்தம் அனுமதிக்காத உயர்வுக்கு அந்தக் கடிதத்தால் பலம் வந்துவிடாது.

எல்லோரும் மறக்கும் வரி முன்பணம். பெரியவர் வாங்கிய தொகை இவ்வளவு, வீட்டைக் காலி செய்யும்போது அதை நாங்கள் மூவரும் திருப்பித் தருவோம் என்று எழுதாவிட்டால், வாடகைதாரர் தானே கேட்க வேண்டும். அந்த ஒரு வரி வரும்வரை புதிய கணக்கை ஏற்றதாக அவர் கையெழுத்திட்டுத் தராமலிருந்தால், நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன்.