விளம்பர அழைப்புகள்: தடுப்பதோடு நிற்காமல் புகார் செய்யத் தொடங்கிய பிறகு

2022இன் இறுதியில் என் எண்ணுக்கு நாளொன்றுக்கு ஆறேழு விளம்பர அழைப்புகள் வந்துகொண்டிருந்தன. தனிநபர் கடன், மனை விற்பனை, கிரெடிட் கார்டு, மீண்டும் தனிநபர் கடன். பொறுமை இழந்த ஒரு நாளில் 1909 என்ற எண்ணுக்கு இந்தக் குறுஞ்செய்தியை அனுப்பினேன்:

```
START 0
```

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் வகுத்த விதிகளின்படி, இந்தச் செய்தி எல்லா வகை விளம்பரங்களையும் வேண்டாமென்று பதிவு செய்கிறது. டி.என்.டி. பதிவு என்பது இதுதான். வங்கி, மனை, கல்வி, உடல்நலம் என்று சில வகைகளை மட்டும் தடுக்க விரும்புவோர் டிராயின் டி.என்.டி. செயலியில் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். பதிவானதற்கான பதில் எனக்கு வந்தது. வங்கியின் ஓ.டி.பி. நின்றுவிடும் என்று வீட்டில் பயந்தார்கள். நிற்கவில்லை. பரிவர்த்தனைச் செய்திகள் இந்தத் தடையில் வருவதே இல்லை.

முதல் மாதத்தில் மாற்றம் நன்றாகவே தெரிந்தது. 140இல் தொடங்கும் எண்களிலிருந்து வந்த அழைப்புகள் ஏறத்தாழ ஓய்ந்தன. பதிவு பெற்ற விளம்பரதாரர்களுக்கென ஒதுக்கப்பட்ட வரிசை அது. அவர்கள் அனுப்பும் அழைப்பு நம் விருப்பப் பட்டியலோடு ஒப்பிடப்பட்ட பிறகே வெளியே போகும். ஆனால் சாதாரண பத்து இலக்கக் கைபேசி எண்களிலிருந்து வந்த அழைப்புகள் ஒன்றுகூடக் குறையவில்லை. காரணம் புரிய எனக்குச் சில வாரங்கள் ஆயின. இப்படி அழைப்பவர்கள் விளம்பரதாரர்களாகப் பதிவே செய்துகொள்ளாதவர்கள். சொந்தப் பயன்பாட்டுக்கு வாங்கிய சிம்மைப் போட்டுக் கடன் விற்கிறார்கள். பட்டியலைப் பார்த்து ஒதுங்குமாறு சொல்வதற்கு அவர்கள் பட்டியல் பக்கமே வருவதில்லை. பதிவு அடைத்தது முன்வாசலை மட்டும்தான்.

அப்போதுதான் அழைப்பவர் பெயரைக் காட்டும் செயலி ஒன்றை நிறுவினேன். பலர் புகாரளித்த எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் திரை சிவப்பாகும். அமைப்புகளில் இன்னும் ஒரு படி போனால் மணி அடிக்காமலே அழைப்பைத் துண்டித்துவிடும். அந்த இரண்டாவது வசதியை முடுக்கிவிட்டேன். வீடு அமைதியானது. ஏறத்தாழ ஓராண்டு அந்த அமைதியில் மகிழ்ச்சியாகவே இருந்தேன்.

அது கலைந்தது அப்பாவின் இரத்தப் பரிசோதனையின்போது. முடிவு தயாரானதும் அழைப்பதாக ஆய்வகத்தில் சொல்லியிருந்தார்கள். மாலைவரை அழைப்பில்லை. மறுநாள் நேரில் போனபோது, வரவேற்பில் இருந்த பெண், "மூன்று தடவை அழைத்தோம் சார், எடுக்கவில்லையே" என்றார். செயலியின் தடுக்கப்பட்ட அழைப்புகள் பட்டியலைத் திறந்து பார்த்தேன். 11.40, 12.15, 3.05 என்று அவர்களின் தரைவழி எண் வரிசையாக நின்றது. பக்கத்தில் சிவப்பு அடையாளம். உடல் பரிசோதனைத் தொகுப்புகளை விற்பதற்கும் அதே எண்ணிலிருந்து அவர்கள் பலரை அழைத்திருக்கிறார்கள். எரிச்சலடைந்தவர்கள் அதைத் தொல்லை என்று குறித்திருக்கிறார்கள். அப்பாவின் சர்க்கரை அளவு ஒரு நாள் தாமதமாகத் தெரிந்ததால் பெரிய கேடு எதுவும் வரவில்லை. ஆனாலும் அன்றே தானாகத் துண்டிக்கும் வசதியை நிறுத்திவிட்டேன். எச்சரிக்கை மட்டும் போதும், எடுப்பதா வேண்டாமா என்பதை நான் முடிவு செய்துகொள்கிறேன். இத்தகைய செயலிகளின் அறிவு மற்ற பயனர்கள் குறிப்பதிலிருந்து வருகிறது. ஒரே எண்ணை வேலைக்கும் விற்பனைக்கும் சேர்த்துப் பயன்படுத்தும் இடங்களில் அந்த அறிவு தடுமாறும். தானியங்கித் தடையை வைத்திருப்பவர்கள் வாரம் ஒருமுறையாவது அந்தப் பட்டியலைத் திறந்து பார்த்துவிடுங்கள்.

செயலி நிறுவும்போது தொடர்புப் பட்டியலுக்கு அனுமதி கேட்டால் நான் மறுத்துவிடுகிறேன். என் நண்பர்களின் எண்களை இன்னொருவர் சேமிப்பில் கொண்டுபோய் வைக்க எனக்கு உரிமை இல்லை என்பது என் எண்ணம். ஆண்ட்ராய்டில் கைபேசியோடு வரும் அழைப்புச் செயலியிலேயே தொல்லை அழைப்புகளை அடையாளம் காட்டும் வசதி பலவற்றில் உண்டு. இப்போது எனக்கு அதுவே போதுமானதாக இருக்கிறது.

தானியங்கித் தடையை எடுத்ததும் அழைப்புகள் மீண்டும் காதில் விழத் தொடங்கின. ஒன்றை அப்போதுதான் உணர்ந்தேன். அந்த ஓராண்டில் நான் ஒரு புகார்கூடச் செய்திருக்கவில்லை. எனக்குக் கேட்காத அழைப்பைப் பற்றி நான் எப்படிப் புகார் செய்வது? என் கைபேசி ஊமையாகியிருந்தது, அவ்வளவுதான். அந்தச் சிம் அடுத்தடுத்த எண்களை அழைத்துக்கொண்டேதான் இருந்தது.

பதிவு செய்யாமல் விற்பவர்களை நிறுத்தக் கூடியது புகார் ஒன்றுதான். முன்பு ஓர் எண்மீது ஏழு நாட்களில் பத்துப் புகார்கள் சேர்ந்தால்தான் நடவடிக்கை தொடங்கும். 2025 பிப்ரவரியில் டிராய் விதிகளைத் திருத்தியபோது, பத்து நாட்களில் ஐந்து புகார்கள் என்று அதைக் குறைத்தது. நடவடிக்கை எடுப்பதற்கான காலமும் முப்பது நாளிலிருந்து ஐந்து நாளாகக் குறைந்தது. அழைப்பு வந்து மூன்று நாட்களுக்குள் புகார் செய்ய வேண்டும் என்றிருந்தது ஏழு நாட்களானது. டி.என்.டி. பதிவு இல்லாதவர்களும் இப்போது பதிவற்ற விற்பனையாளர்மீது புகார் செய்யலாம். ஐந்து என்பது சிறிய எண்ணிக்கை. நானும் இன்னும் நான்கு பேரும் சோம்பல் படாமல் இருந்தால் போதும்.

ஒரு புகாரை எப்படிச் செய்கிறேன் என்று சொல்கிறேன். 2025 ஏப்ரலில் ஒரே குரல் ஒன்பது நாட்களில் நான்கு வெவ்வேறு எண்களிலிருந்து தனிநபர் கடனுக்காக அழைத்தது. முன்பெல்லாம் "வேண்டாம்" என்று சொல்லித் துண்டித்து, எண்ணைத் தடுத்துவிடுவேன். அதனால்தான் அடுத்த எண்ணிலிருந்து அழைத்துக்கொண்டிருந்தார்கள். இம்முறை இருபது வினாடி ஒதுக்கினேன். "எந்த நிறுவனத்தின் கடன் அம்மா இது?" என்று கேட்டேன். சற்றுத் தயங்கிவிட்டு ஒரு பெயர் சொன்னார். நன்றி சொல்லி வைத்துவிட்டு, கையோடு கையாக 1909க்கு அனுப்பினேன். அமைப்பு இதுதான்: என்ன விற்றார்கள் என்பது, காற்புள்ளி, அழைத்த எண், காற்புள்ளி, அழைப்பு வந்த தேதி.

```
Personal loan offer call, 98XXXXXXXX, 09/04/25
```

X உள்ள இடத்தில் முழு எண்ணையும் எழுத வேண்டும். சிறிது நேரத்தில் புகார் எண்ணோடு பதில் வந்தது. அதை அழித்துவிடக் கூடாது. பிறகு நிலையை விசாரிக்க அதுதான் பிடி.

நான்கு புகார்களில் மூன்று ஏற்கப்பட்டன. ஒன்று, அப்படி ஓர் அழைப்பு பதிவேட்டில் இல்லை என்ற பதிலோடு முடிக்கப்பட்டது. எனக்குக் கோபம் வந்தது. தொலைத்தொடர்பு நிறுவனம் ஏமாற்றுகிறது என்றே நினைத்தேன். கைபேசியின் அழைப்பு வரலாற்றைப் பார்த்த பிறகுதான் பிழை விளங்கியது. அழைப்பு வந்தது ஏப்ரல் 14 இரவு. நான் புகார் எழுதியது 15 காலை, எழுதிய தேதியும் 15. அவர்கள் புகாரை அழைப்புப் பதிவேட்டோடு ஒப்பிடுகிறார்கள். தேதியோ ஓர் இலக்கமோ மாறினால் புகார் நிற்காது. ஏழு நாள் கெடு முடியாததால் சரியான தேதியோடு மீண்டும் அனுப்பினேன். அதுவும் ஏற்கப்பட்டது. அதன்பின் எண்ணையும் தேதியையும் நினைவிலிருந்து எழுதுவதே இல்லை. வரலாற்றைத் திறந்து, பார்த்துப் பார்த்து எழுதுகிறேன்.

விதிமீறல் உறுதியானால் முதல் தடவை அழைத்தவரின் வெளிச்செல்லும் சேவைகள் பதினைந்து நாட்கள் நிறுத்தப்படும். மீண்டும் செய்தால் எல்லா இணைப்புகளும் ஓராண்டுக்குத் துண்டிக்கப்படும். அந்தக் குரலை மே மாதத்துக்குப் பிறகு நான் கேட்கவில்லை. என் புகாரால்தானா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் தடுப்பதை மட்டும் செய்துவந்த ஓராண்டில் அந்த வகை அழைப்புகள் ஓய்ந்ததே இல்லை. புகார் செய்யத் தொடங்கிய நான்கைந்து மாதங்களில் வாரத்துக்கு ஒன்று, இரண்டு என்ற அளவுக்கு வந்தன.

குறுஞ்செய்திகளில் வேறொரு சிக்கல் இருந்தது. அனுப்புநர் பெயரின் கடைசியில் இப்போது ஒரு கோடும் ஓர் எழுத்தும் வருகின்றன. -P என்றால் விளம்பரம், -S சேவை, -T பரிவர்த்தனை, -G அரசு. முழுத் தடை போட்ட பிறகும் ஒரு கடன் நிறுவனத்திடமிருந்து -P செய்திகள் வந்துகொண்டிருந்தன. புகார் செய்தால், நான் ஒப்புதல் தந்திருக்கிறேன் என்று பதில் வந்தது. யோசித்துப் பார்த்தேன். வட்டி விகிதங்களை ஒப்பிட்டுக் காட்டும் ஓர் இணையதளத்தில் விவரம் பார்த்த நாளில் ஏற்கெனவே குறியிடப்பட்டிருந்த ஒரு கட்டத்தை நான் கவனிக்காமல் விட்டிருக்கிறேன். நாமே கொடுத்த ஒப்புதல் டி.என்.டி. பதிவையும் மீறிவிடும். அங்கே 1909 உதவாது, ஒப்புதலையே திரும்பப் பெற வேண்டும். செய்தியில் இருந்த விலகும் வழியைப் பின்பற்றினேன், அந்த நிறுவனத்துக்கு மின்னஞ்சலும் எழுதினேன். செய்திகள் நின்றன. இதற்கு நேர்மாறாக, "உங்களுக்கு முன்கூட்டியே ஒப்புதலான கடன் காத்திருக்கிறது" என்று -S அடையாளத்தோடு வருபவை உண்டு. சேவை என்ற போர்வையில் வரும் விளம்பரம் அது. அதைத் தயங்காமல் புகார் செய்யுங்கள்.

வாட்ஸ்அப்பில் வருபவை இந்த விதிகளுக்குள் வருவதில்லை. அங்கேயே தடுத்து, அங்கேயே புகாரளிக்க வேண்டியதுதான். கே.ஒய்.சி. காலாவதி, மின்இணைப்புத் துண்டிப்பு என்று மிரட்டும் அழைப்புகளை 1909க்கு அனுப்புவதைவிட மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் உள்ள சக்ஷு பகுதியில் தெரிவிப்பது சரி. பணமே போய்விட்டால் உடனடியாக இணையக் குற்ற உதவி எண்ணான 1930ஐ அழைக்க வேண்டும்.

போன மாதம் அம்மாவின் கைபேசியிலும் பதிவு செய்து கொடுத்தேன். பதிவு எண்ணுக்கு எண் தனித்தனி என்பதால் அவருடைய கைபேசியிலிருந்தே அனுப்ப வேண்டியிருந்தது. புகாரும் அப்படித்தான், அழைப்பைப் பெற்ற எண்ணிலிருந்தே போக வேண்டும். அவருக்குச் செயலி எதுவும் போடவில்லை. அழைப்பு வந்ததும் தொலைபேசி மேசையில் இருக்கும் நாட்காட்டியில், அந்தத் தேதிக்கு நேராக, என்ன விற்றார்கள் என்று ஒரு சொல் எழுதி வைக்கிறார். ஞாயிற்றுக்கிழமை நான் போகும்போது அவர் கைபேசியின் வரலாற்றில் எண்ணைப் பார்த்து இருவருமாக அனுப்புகிறோம். ஏழு நாள் கெடு அதற்குச் சரியாக இருக்கிறது. சென்ற வாரம் நாட்காட்டியில் இரண்டு சொற்கள் இருந்தன: மனை, காப்பீடு.