காலர் கேன்வாஸ் வாங்கும்போது நான் ஏமாந்த கதை

காலர், கஃப் விறைப்பாக நிற்க உள்ளே வைத்து அயர்ன் சூட்டில் ஒட்டுகிற ஃப்யூசிங் கேன்வாஸை பெங்களூரு சிக்பேட்டையில் வாங்குகிறவர்கள் ஒரு நிமிடம் இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

நான் அல்சூரில் வீட்டிலேயே தைத்துக் கொடுக்கிறேன். எட்டு காட்டன் சட்டைக்கு ஆர்டர் வந்திருந்தது. வழக்கமான கடையில் சரக்கு இல்லாததால் புதிதாக ஒரு கடைக்குப் போனேன். "நல்ல காட்டன் கேன்வாஸ்க்கா, சுருங்கவே சுருங்காது" என்றார். நம்பி மூன்று மீட்டர் வாங்கினேன். பில் கேட்கவில்லை, அது என் தப்பு.

தைத்தபோது காலர் வழவழவென்று அழகாகத்தான் இருந்தது. ஒரே சலவையில் எட்டுமே அப்பளம் பொரிந்த மாதிரி உப்பிவிட்டன, கஃப் உட்பட.

கடைக்காரர், "உங்க அயர்ன் பாக்ஸ்ல சூடு பத்தலைக்கா" என்றார். பல நேரம் அதுதான் காரணம் என்பதால் எனக்கும் சந்தேகம் வந்தது. ஒரு காலரைப் பிரித்துப் பார்த்தேன். பசை உருகாமல் இருந்தால் கேன்வாஸில் அதன் புள்ளிகள் விரலுக்கு நறநறவென்று தட்டுப்படும். இதில் பசை நன்றாக உருகித் துணியில் இறங்கியிருந்தது. இன்னொரு காலரில் ஈரத்துணி போட்டு பதினைந்து விநாடி அழுத்தினேன். சூடு போதாமல் வந்த குமிழ் என்றால் அப்போது ஒட்டிக்கொள்ளும். இங்கே குமிழ் மெல்லிய சுருக்கமாக மடிந்ததே தவிரப் போகவில்லை. அதாவது மேல்துணி கூடுதலாக நிற்கிறது, உள்ளே கேன்வாஸ் குறைந்துவிட்டது.

மீதித் துண்டில் 20 செ.மீ. சதுரம் வெட்டி, வெதுவெதுப்பான தண்ணீரில் அரை மணி நேரம் போட்டு, பிழியாமல் விரித்துக் காயவைத்தேன். நீளவாக்கில் 19.2 செ.மீ. தான் இருந்தது. 40 செ.மீ. காலருக்குக் கணக்குப் போட்டால் 1.6 செ.மீ. குறையும். சட்டைத் துணியை நான் முன்பே நனைத்துத்தான் வெட்டியிருந்தேன், அது சுருங்கவில்லை. பின்னே குமிழ் வராமல் என்ன செய்யும்?

அந்தத் துண்டையும் ஸ்கேலையும் எடுத்துக்கொண்டு போனேன். "வெட்டின சரக்கு வாபஸ் இல்லக்கா" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். எட்டு காலர், பதினாறு கஃப், எல்லாம் என் செலவில் மாற்றினேன்.

இப்போது முதலில் கால் மீட்டர் மட்டும் வாங்கி நனைத்து அளந்து பார்க்கிறேன். அப்புறம் அதைச் சட்டைத் துணியின் துண்டில் ஒட்டி ஒரு முறை துவைக்கிறேன். ஒட்டும்போது அயர்ன் பாக்ஸை இழுப்பதில்லை; தூக்கித் தூக்கி வைத்து அழுத்தி, ஆறும்வரை துணியைத் தொடாமல் விடுகிறேன்.

இன்னொன்று. அதே கடைக்காரர் மெல்லிய ரேயான் பாவாடை இடுப்புப் பட்டிக்கும் இந்தத் தடித்த கேன்வாஸையே கொடுத்தார். பசை மேலே கசிந்து கறை மாதிரி தெரிந்தது. மெல்லிய துணிக்கு அதைவிடக் கனமான கேன்வாஸ் வேண்டாம். இரண்டையும் சேர்த்துக் கைமேல் தொங்கவிட்டுப் பாருங்கள்; அட்டை போல விறைத்து நின்றால் அடுத்த கனம் குறைந்ததைக் கேளுங்கள்.