ஸ்டீவியாவும் மங்க் ஃப்ரூட்டும்: கோப்பிக்குச் சரி, கேக்குக்கு?

வீட்டுக்காரருக்கு இனிப்பு நீர் என்று தெரிந்த பிறகு, பினாங்கில் எங்கள் வீட்டுச் சீனி டப்பாவின் பக்கத்தில் ஸ்டீவியா, மங்க் ஃப்ரூட் என்ற இந்த இரண்டு மாற்று இனிப்புகளும் வந்து உட்கார்ந்து சில வருடங்கள் ஆகின்றன. வாங்குகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது பாக்கெட்டின் பின்பக்கம். முன்னால் மங்க் ஃப்ரூட் என்று பெரிதாகப் போட்டிருக்கும். உள்ளே பெரும்பகுதி எரித்ரிட்டால் என்ற சர்க்கரை ஆல்கஹால். பழச்சத்து சீனியைவிட நூறு மடங்குக்கும் மேல் இனிக்கும் என்பதால் துளிதான் சேர்ப்பார்கள். சில சாஷேக்களில் மால்டோடெக்ஸ்ட்ரின் என்ற மாவுச்சத்துப் பொடி இருக்கும். அது ரத்தச் சர்க்கரையை ஏற்றும், நாங்கள் தொடுவதில்லை.

சூட்டில் இரண்டும் கெடாது, அதனால் சூடான பானத்துக்குப் பயமில்லை. ருசிதான் பிரச்சினை. தே ஓவில் ஸ்டீவியா போட்டால் தேயிலையின் துவர்ப்போடு அதன் கசப்பும் சேர்ந்துகொள்ளும். விழுங்கிய பிறகும் அதிமதுரம் மென்ற மாதிரி நாக்கின் பின்பக்கம் இனிப்பு ஒட்டிக்கொண்டிருக்கும். பால் ஊற்றினால் பாதி அடங்கும். துளி குறைத்தாலும் அடங்கும். கசப்பு வந்தால் போட்டது அதிகம் என்று அர்த்தம். கோப்பி ஓவுக்கு மங்க் ஃப்ரூட்தான் என் தேர்வு. சீன மருந்துக்கடையில் விற்கும் லோ ஹான் குவோவும் இதே பழம்தான். அந்த லேசான கருகல் வாசம் கோப்பிக்கு ஒட்டிப்போகிறது.

பாதுகாப்பா என்று கேட்பவர்களுக்கு: சுத்திகரித்த ஸ்டீவியாவுக்கு உலகளவில் ஏற்கப்பட்ட வரம்பு, உடல் எடையில் கிலோவுக்கு, அதன் அடிப்படை மூலக்கூறான ஸ்டீவியாலின் கணக்கில், நாளொன்றுக்கு 4 மில்லிகிராம். 60 கிலோ ஆளுக்கு இது சுமார் 140 கிராம் சீனியின் இனிப்பு. அவ்வளவு யாரும் குடிக்கப்போவதில்லை. எடை குறைக்க இவற்றை நம்பாதீர்கள் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2023-இல் சொன்னது. ஆனால் அந்தப் பரிந்துரை ஏற்கனவே இனிப்பு நீர் உள்ளவர்களுக்கானது இல்லை. எனக்கு யோசனை எரித்ரிட்டால் மேல்தான். ரத்தத்தில் அது அதிகம் இருந்தவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் கூடுதலாக வந்ததாக அதே வருடம் ஓர் ஆய்வு வந்தது. உடலே அதைக் கொஞ்சம் உண்டாக்கும் என்பதால் காரணம் இதுதான் என்று முடிவாகவில்லை. இருந்தாலும் இதய நோய் உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.

பட்டர் கேக்தான் உண்மையான சோதனை. சீனி இனிப்பு மட்டும் தருவதில்லை; ஈரத்தைப் பிடித்து வைக்கும், மேல்பக்கத்தைச் சிவக்க வைக்கும். 200 கிராம் சீனிக்குப் பதில் முழுக்க மங்க் ஃப்ரூட் கலவை போட்டால் கேக் வெளிறியே இருக்கும். நிறத்துக்குக் காத்திருந்தால் உள்ளே காய்ந்துவிடும். குச்சி குத்தித்தான் பார்க்க வேண்டும். ஆறியதும் எரித்ரிட்டால் மறுபடி படிகமாகி, பல்லில் மணல்போல் நறநறக்கும், வாயும் ஜில்லென்று ஆகும். ஃபிரிட்ஜில் வைத்தால் இன்னும் மோசம்.

இப்போது கலவை 150 கிராம், சாதாரணச் சீனி 50 கிராம். கலவையை மிக்சியில் மாவாக அரைத்துத்தான் பட்டரோடு அடிப்பேன். நிறமும் மென்மையும் ஓரளவு திரும்பிவிடும். அந்த 50 கிராம் சீனிக்காக வீட்டுக்காரரின் துண்டு மட்டும் சின்னதாக இருக்கும். அதற்கு அவர் முகம் சுளிப்பது தனிக்கதை. ஈஸ்ட் போட்ட பன்னுக்கு இந்தக் கலவை வேண்டாம், ஈஸ்ட்டால் அதைத் தின்ன முடியாது.

மறுபடி வாங்குவேனா? கோப்பிக்கு, கண்டிப்பாக. கேக்குக்கு, தீபாவளி மாதிரி நாட்களில் மட்டும்.