ஹால் போட்டோவை வரைந்து தருகிறோம் என்று 18,500 ரூபாயை ஏமாற்றிவிட்டார்கள்

இன்று காலை பிரஸ்ஸிலிருந்து வந்த கையோடு எழுதுகிறேன். கோபம் இன்னும் அடங்கவில்லை. போனது 18,500 ரூபாய்.

கொழிஞ்சாம்பாறையில் தம்பியும் நானும் நாலு வீடு கட்டி விற்கிறோம். வாங்க வருகிறவர்களில் பாதிப் பேர் பாலக்காட்டுக்காரர்கள், பாதிப் பேர் பொள்ளாச்சி, கோவைப் பக்கம். பிரோஷரின் முகப்பில் ஹாலை படிப்படியாக மங்கும் நிழல், பளபளப்பு எதுவும் இல்லாத தட்டையான ஓவியமாகப் போட நினைத்தோம். போட்டோவில் சிமெண்ட் மூட்டையும் தொங்கும் ஒயரும் தெரிந்தன. அதே ஓவியத்தைக் கோபாலபுரம் ரோட்டில் பெரிய போர்டாகவும் வைக்க வேண்டும். நாலு வீட்டுக்கும் சுவர் நிறம் வேறு வேறு என்பதால் நிறத்தை மட்டும் மாற்றி நாலு படமாக்கலாம் என்பதும் கணக்கு. அதனால் கோடும் வடிவமுமாக வரைந்த, எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்காத வெக்டர் கோப்பாகத்தான் வேண்டும் என்று முதலிலேயே எழுதிக் கொடுத்தோம்.

டிசைனர்களைப் பிடித்துத் தரும் ஆன்லைன் தளம் ஒன்றில் ஆளைப் பிடித்தோம். போட்டோ மொபைலின் அகலக் கோணத்தில் எடுத்ததால் சுவர்கள் சாய்ந்திருக்கின்றன, முதலில் அதை நிமிர்த்திவிட்டுத்தான் வரைவேன் என்றார். மொத்தம் எட்டு நிறத்துக்குள் முடிப்பேன், நிழலுக்கு அதே நிறத்தில் ஒரு படி அடர்த்தி போதும் என்றார். ஜன்னல் மூலையை மட்டும் வரைந்து மாதிரி அனுப்பினார். கம்பிகள், சட்டம், வெளியே தென்னை, எல்லாம் சுத்தமான கோடுகள். வேலை தெரிந்தவர் பேசுகிற பேச்சு அது. அந்த ஜன்னலைப் பார்த்துத்தான் 18,500 ரூபாயையும் தளத்தில் கட்டினோம்.

முழுப் படத்தின் முன்னோட்டம் சின்னதாக, குறுக்கே எழுத்து போட்டு வந்தது. ‘ஏற்கிறேன்’ அழுத்தினால்தான் மூலக் கோப்பு திறக்கும் என்பது தளத்தின் விதி. அழுத்தினோம். பணம் அவருக்குப் போனது, கோப்பு எங்களுக்கு வந்தது.

அதைக் கோவையில் பிரஸ்ஸில் கொடுத்தோம். இல்லஸ்ட்ரேட்டரில் திறந்து Ctrl+Y அழுத்தினார் பிரஸ்காரர். நிறமெல்லாம் போய் வெறும் கோடு மட்டும் தெரியும் பார்வை அது. “ஏங்க, இது வரைஞ்ச படமே இல்லைங்க” என்றார். ஒழுங்காக வரைந்தால் ஒரு சுவர் ஒரே வடிவமாக இருக்கும், அதைத் தொட்டு நிறத்தை மாற்றினால் சுவர் முழுக்க மாறும். எங்கள் சுவரோ நூற்றுக்கணக்கான துண்டுகளாக, உடைந்த ஓடு போலக் கிடந்தது. போட்டோவை அப்படியே போட்டு, அதைத் தானாகவே வடிவங்களாக வெட்டும் Image Trace கருவியை ஓட்டி, Expand செய்து கொடுத்திருக்கிறார். வெளிச்சம் பட்ட இடம் ஒரு துண்டு, மங்கிய இடம் ஒரு துண்டு என்று நிறம் மாறும் இடத்திலெல்லாம் அது வெட்டும். ஊஞ்சல் சங்கிலியும் பின்னாலுள்ள அலமாரியும் ஒன்றாய் ஒட்டிக் கரும்புள்ளியாகிவிட்டன. தரையில் விழுந்த நிழல் பழுப்புக் கறையாக நிற்கிறது. சுவர் நிமிரவே இல்லை. அந்த மாதிரி ஜன்னலை மட்டும் மேலே ஒட்டி வைத்திருக்கிறார், கோட்டுப் பார்வையில் அது ஒன்றுதான் சுத்தமாகத் தெரிகிறது. சிறிய முன்னோட்டத்தில் இது எதுவும் கண்ணில் படாது. போர்டு அளவுக்குப் பெரிதாக்கினால் கறையும் புள்ளியும்தான் பெரிதாகும்.

டிசைனரிடம் கேட்டால், “சார், இதுவும் வெக்டர்தான், உங்க பிரஸ்காரருக்குத் தெரியலை” என்கிறார். ஒரு சுவரின் நிறத்தையாவது மாற்றிக் காட்டுங்கள் என்றேன். அது தனி வேலை, தனிக் கட்டணம் என்றார், அப்புறம் பதிலே இல்லை. தளத்துக்கு எழுதினேன். நீங்கள் ஏற்றுக்கொண்ட வேலை, பணத்தைத் திருப்ப இயலாது என்று ஒரே வாசகம். கோட்டுப் பார்வையின் படத்தை அனுப்பினேன். அதே வாசகம் திரும்பவும் வந்தது. யாருமே படத்தைத் திறந்து பார்க்கவில்லை. வீடு விற்கிற தொழிலில் 18,500 ரூபாய் சின்னக் காசு என்று யாராவது சொன்னால் எனக்குக் கெட்ட கோபம் வரும். அது கொத்தனாருக்குக் கொடுக்க வைத்திருந்த பணம்.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது பொறுமை இல்லை. மாதிரி கேட்டால் மூலையை மட்டும் வாங்காதீர்கள், சாமான் நெருக்கமாக இருக்கும் இடத்தைக் கேளுங்கள். பணத்தை விடும் முன் முழுப் படத்தின் கோட்டுப் பார்வையைக் கேளுங்கள். சுவர் நிறத்தை மாற்றுவதைத் திரையில் செய்து காட்டச் சொல்லுங்கள், ஒழுங்காக வரைந்தவருக்கு அது ஒரு நிமிட வேலை. மூலக் கோப்பைப் பார்க்கும் முன்பே ‘ஏற்கிறேன்’ அழுத்தச் சொல்கிற தளத்தில் பணம் கட்டாதீர்கள்.