ஆத்தங்குடி கல்லுக்கு ஸ்டோரியா, பதிவா?

காரைக்குடிப் பக்கம், வீட்டுத் தரையில் பதிக்கும் ஆத்தங்குடி கல் விற்கும் நண்பருக்கு இன்ஸ்டாகிராமில் எழுதிக் கொடுக்கிறேன். ஒரே வீடியோதான்: கண்ணாடித் தகட்டின் மேல் கலர் சிமென்ட் ஊற்றுகிறார்கள்.

ஸ்டோரியில் முதலில் நான்கு வரி போட்டேன், யாரும் படித்து முடிக்கும் முன்பே அது நகர்ந்துவிட்டது, போதாததற்கு கடைசி வரி கீழே பதில் எழுதும் கட்டத்துக்குள் மறைந்துபோனது. இப்போது "சூளை இல்லை. சுடுவதே இல்லை." அவ்வளவுதான், திரையின் நடுப்பகுதியில், வெள்ளை எழுத்துக்குப் பின்னால் கறுப்புப் பட்டையோடு, ஏனென்றால் வெளிர் நிறக் கல் மேல் வெள்ளை எழுத்து தெரியாது. விலைப் பட்டியல் லிங்க்கும் ஸ்டோரியில்தான், பதிவின் எழுத்துக்குள் போட்டால் அது அழுத்த வராது.

ஆனால் 24 மணி நேரத்தில் ஸ்டோரி போய்விடும். மூன்று மாதம் கழித்து வீடு கட்டுகிறவர் தேடி வந்து படிப்பது பதிவைத்தான். அதில் 2,200 எழுத்து வரை இடமுண்டு, தொடாமல் தெரிவது முதல் ஓரிரு வரி மட்டும். அதனால் வணக்கம் சொல்லித் தொடங்காமல், "இந்தக் கல் சூளைக்கே போகாது, கண்ணாடி மேல் வார்த்து தண்ணீரில் ஊறவைக்கிறோம்" என்று தொடங்குகிறேன். அளவு, பராமரிப்பு எல்லாம் அப்புறம்.