ஸ்ட்ரெஸ், தகைவு, அழுத்தம்: சொல்லேட்டின் தமிழ்ப் பக்கத்தில் எதை எழுதுவது?

பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்துவிட்டுப் பொறியியல் கல்லூரிக்கு வருகிறவர், கலைச்சொல் குறிப்பேடு ஒன்றைத் தொடங்கும் நாளிலேயே ஒரு முடிவெடுத்தாக வேண்டும். இடப்பக்கத்தில் ஆங்கிலச் சொல். வலப்பக்கத்தில் என்ன? பள்ளிப் பாடநூல் தந்த கலைச்சொல்லா, ஆங்கில ஒலியையே தமிழில் எழுதுவதா, தன் வாக்கியத்தில் ஒரு விளக்கமா? ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் பாடத்தை வைத்து மூன்றையும் உரசிப் பார்க்கலாம். இந்தப் பாடத்தில்தான் அன்றாடப் பேச்சுச் சொற்கள் அதிகம் குறுக்கிடுகின்றன.

முதலில் ஸ்ட்ரெஸ். பொது அகராதியைப் புரட்டினால் 'அழுத்தம்' என்று வரும், மன அழுத்தத்தை மனத்தில் வைத்து. அதை அப்படியே எழுதிக்கொண்டால் பின்னால் சிக்கல்தான், ஏனென்றால் பிரஷருக்கும் தமிழில் அழுத்தம்தான். இரண்டுக்கும் அலகு பாஸ்கல் என்பதால், கணக்குப் போடும்போது அலகு கூடத் தவறைக் காட்டிக்கொடுக்காது. தமிழ்நாட்டுப் பாடநூல் ஸ்ட்ரெஸ்ஸைத் தகைவு என்றும் ஸ்ட்ரெயினைத் திரிபு என்றும் பிரித்துவைத்திருப்பது இங்கேதான் கைகொடுக்கிறது.

20 மி.மீ. விட்டமும் 2 மீட்டர் நீளமும் உள்ள எஃகுத் தண்டை 40 கிலோநியூட்டன் விசையால் இழுக்கிறோம் என்று கொள்வோம். குறுக்குப் பரப்பு சுமார் 314 சதுர மி.மீ. விசையைப் பரப்பால் வகுத்தால் தகைவு 127 மெகாபாஸ்கல். எஃகின் யங் குணகத்தை 200 கிகாபாஸ்கல் என்று எடுத்தால் திரிபு 0.000637, தண்டு நீள்வது சுமார் 1.27 மி.மீ. இதுவரை தகைவை 'அழுத்தம்' என்று நினைத்துக்கொண்டே போட்டாலும் விடை சரியாகத்தான் வரும். அடுத்த வாரம் ஆசிரியர் அதே தண்டை 45 பாகைச் சாய்வில் வெட்டியதாகக் கற்பனை செய்யச் சொல்வார். அந்தத் தளத்தில் சறுக்குப்பெயர்ச்சித் தகைவு சுமார் 64 மெகாபாஸ்கல், அதாவது முன்னதில் பாதி. அசையாத நீரின் அழுத்தம் எந்தத் திசையில் அளந்தாலும் ஒன்றே; தகைவோ தளத்தின் சாய்வைப் பொறுத்து மாறும். 'அழுத்தம்' என்று எழுதிவைத்தவர் மனத்தில் இருப்பது நீர்த்தொட்டி. அதனால் அவருக்கு இந்த இடம் மந்திரமாகத் தெரியும்.

ஆக, அளந்து எண்ணாகச் சொல்லும் எதற்கும் பாடநூல் சொல்லே மேல். ஆனால் அதை மட்டும் எழுதினால் இரண்டு பள்ளங்கள் இருக்கின்றன. ஒன்று, ஊர் வேறுபாடு. தமிழ்நாட்டில் ஸ்பீடு என்பது வேகம், வெலாசிட்டி என்பது திசைவேகம். இலங்கைப் பாடநூலில் ஸ்பீடு என்பது கதி, வெலாசிட்டிதான் வேகம். பவர் இங்கே திறன், அங்கே வலு. இணையத்தில் இரு வழக்கும் கலந்தே கிடக்கின்றன. எனவே ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில் 'த' அல்லது 'இ' என்று ஓர் எழுத்தைக் குறித்துவிட வேண்டும்.

மற்றது, ஒரே ஆங்கிலப் பெயருக்குள் இரண்டு பொருள்கள். மொமெண்டுக்குப் பாடநூல் தரும் சொல் திருப்புத்திறன். அதிலுள்ள 'திறன்' பவரை நினைவூட்டுவதால் வாட் என்று அலகு எழுதுகிறவர்கள் உண்டு. சரியான அலகு நியூட்டன் மீட்டர். மொமெண்ட் ஆஃப் இனெர்ஷியா இன்னும் மோசம். சுழலும் சக்கரத்துக்கு அது நிறையைப் பொறுத்தது, அலகு கிலோகிராம் மீட்டர்². அதற்கு நிலைமத் திருப்புத்திறன் என்ற சொல் கச்சிதமாகப் பொருந்தும். ஆனால் உத்திரம் வளைவதைக் கணக்கிடும் σ = My/I சூத்திரத்தில் வரும் I-யையும் வகுப்பில் அதே பெயரால்தான் அழைக்கிறார்கள். அதன் அலகு மி.மீ.⁴. அங்கே நிறையும் இல்லை, நிலைமமும் இல்லை. குறுக்குவெட்டின் பரப்பு நடு அச்சிலிருந்து எவ்வளவு விலகிப் பரவியிருக்கிறது என்பது மட்டுமே. இரண்டையும் ஒரே வரியில் எழுதிய குறிப்பேடு பிழையைச் சேமித்துவைக்கிறது. அலகு வேறானால் வரியும் வேறாக வேண்டும்.

ஒலிபெயர்ப்பு எளிது, வேகமானது. பேரிங், கியர், போல்ட் போன்ற உறுப்புகளுக்கு அதுவே நியாயமும்கூட. பட்டறையில் அப்படித்தான் கேட்கிறார்கள், கொடுக்கிறார்கள். பேரிங்குக்குத் தமிழ்ச் சொல் தேடி அரை மணி நேரம் செலவிட வேண்டியதில்லை. ஆனால் தமிழ் எழுத்து சில ஒலிகளைப் பிரிக்காது. உலோகத்துக்கு வடிவம் கொடுக்கும் டை, துணிக்கு ஏற்றும் சாயமான டை, உறுப்புகளைப் பிணைக்கும் டை மூன்றும் தாளில் ஒன்றே. தேர்வில் ஆங்கில எழுத்துக்கூட்டலும் சறுக்கும். ஆகவே இடப்பக்கத்தில் ஆங்கிலச் சொல்லை ஆங்கில எழுத்திலேயே, பாடப்புத்தகத்தைப் பார்த்து எழுதுவது கட்டாயம். அளவுச் சொற்களுக்கு ஒலிபெயர்ப்பு வெறும் எதிரொலி. 'ஸ்ட்ரெஸ்' என்று எழுதிப் பார்ப்பதால் புரிதல் ஓர் அங்குலமும் நகராது.

நிகழ்வுகளின் பெயர்களுக்கு விளக்க வாக்கியம்தான் வெல்கிறது. கிரீப் என்பதைத் 'தவழ்தல்' என்று மொழிபெயர்த்தால் குழந்தைதான் நினைவுக்கு வரும். 'மாறாத பளுவின் கீழ், நாள்பட, பொருள் மெல்ல மெல்ல உருமாறுதல்' என்று எழுதினால் காலம் என்ற கூறு தானே உள்ளே வந்துவிடுகிறது. ஃபட்டீக்குக்குக் 'களைப்பு' போதாது: 'பளு ஏறி இறங்கி ஏறி இறங்கி, விரிசல் வளர்ந்து உடைதல்.' இரண்டும் நாளாவட்டத்தில் வரும் சேதம் என்பதால் மாணவர்கள் மாற்றி எழுதுவது வழக்கம். 'மாறாத' பளு, 'ஏறி இறங்கும்' பளு என்ற ஒரு சொல்லில்தான் வேறுபாடு நிற்கிறது. வாக்கியம் பன்னிரண்டு சொல்லைத் தாண்டினால் நினைவில் நிற்காது. ஒருவருக்கொருவர் வாக்கியத்தைக் கடன் வாங்குவதும் பயன் தராது. அவரவர் மனத்தில் எழும் படம் வேறு.

வகுப்பு நடக்கும்போது இதில் எதையும் செய்யக் கூடாது. அங்கே ஆங்கிலச் சொல்லை எழுதி ஒரு வட்டம் போட்டால் போதும். தமிழைத் தேடத் தொடங்கினால் அடுத்த இரண்டு வாக்கியங்கள் காதில் விழாமல் போய்விடும். அன்று மாலையே எட்டுப் பத்துச் சொற்களை முடித்துவிடலாம்.

எதில் எழுதுவது என்பது இதைவிடச் சின்னக் கேள்வி. ஒரு பாடத்துக்கு நூறு நூற்றைம்பது சொற்கள் வரை நோட்டே போதும். சூத்திரமும் படமும் கையால் வரைய வசதியானது அதுதான். பல பாடங்கள் சேர்ந்ததும் தேட முடியாமல் போகும். அப்போது விரிதாளுக்கு மாறலாம். எக்செல்லில் சாதாரண CSV ஆகச் சேமித்தால் தமிழ் முழுவதும் கேள்விக்குறிகளாகிவிடும். `CSV UTF-8` என்பதையே தேர்ந்தெடுக்க வேண்டும். மனப்பாடத்துக்கு, சொற்களைக் கேள்வி-பதில் அட்டைகளாகக் காட்டும் Anki செயலி நல்லது. இப்படி ஓர் உரைக் கோப்பை, சொற்களுக்கு நடுவே டேப் வைத்து, UTF-8 ஆகச் சேமித்தால் அது ஏற்றுக்கொள்ளும்:

```
#separator:tab
stress	தகைவு (த): உள்ளெதிர்ப்பு விசை / பரப்பு; Pa
creep	மாறாத பளுவில் நாள்பட உருமாறுதல்
```

ஏற்றும்போது `Note Type` என்ற இடத்தில் `Basic (and reversed card)` என்பதைத் தேர்ந்தெடுத்தால் தமிழைப் பார்த்து ஆங்கிலம் சொல்லும் பயிற்சியும் கிடைக்கும். தேர்வை ஆங்கிலத்தில் எழுதுகிறவருக்கு அந்தத் திசைதான் முக்கியம். தமிழ்ப் பக்கத்தைப் பார்த்து ஆங்கிலச் சொல் வந்தும் அலகு வரவில்லையென்றால், அந்த வரியில் சொல் மட்டுமே இருக்கிறது, பொருள் இல்லை. அதை அடித்துவிட்டுப் புதிதாக எழுத வேண்டும்.